ஒரு பிழைக்கு ஒரே கட்டம்

தம்பி,

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன ஒன்பதாம் வகுப்புத் தாள்களைப் படித்து முடித்தேன். 'நான் தாமதமாக வந்த நாள்' என்று ஒரு கதை எழுதச் சொல்லி, கதைப்போக்கு, குரல், சொல்வளம், மொழிக் கட்டுப்பாடு என நான்கு கட்டம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வைத்திருக்கிறீர்கள். ஏற்பாடு நல்லது. ஆனால் நீங்கள் போட்ட எண்களை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். ஒரு தாளில் 4, 4, 4, 4. அடுத்ததில் 2, 2, 2, 2. பெரும்பாலான தாள்கள் இப்படித்தான் இருக்கின்றன. கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்துப்பிழை வராமல் இருப்பதில்லை. பிழையே இல்லாமல் எழுதுகிற பிள்ளைக்கெல்லாம் கதை வந்துவிடுவதும் இல்லை. அப்படியிருக்க, நான்கு கட்டத்திலும் ஒரே எண் விழுந்தால் நீங்கள் நான்கு விஷயங்களைப் பார்க்கவில்லை என்றே பொருள். தாளை முதலில் பார்த்ததும் மனத்தில் பட்ட ஒன்றை நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

பூ மார்க்கெட் பையனின் தாளை எடுத்துக்கொள்வோம். நீங்கள் நான்கிலும் இரண்டு போட்டு எட்டு கொடுத்த தாள் அது. அதில் ஒரு பத்தியை அவன் எழுதியபடியே இங்கே தருகிறேன்:

"அப்பா மூட்டையை இறக்கினார். வெயில் ஏறுறதுக்குள்ள மொக்கு விரிஞ்சிரும், விரிஞ்சா விலை இல்லை என்று சொல்லிக்கொண்டே தராசை பார்த்தார். வியாபாரிகள் வந்தது. ஒருவர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்க்கிறார். விலை சொன்னார். அப்பா ஒண்ணும் சொல்லலை. அவர் பேசாமல் நின்றதிலேயே எனக்கு விலை தெரிஞ்சிபோச்சு. பூ மனம் மட்டும் குறையவே இல்லை."

உங்கள் சிவப்பு மை இதில் ஏழெட்டு இடத்தில் பட்டிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை சரியாகப் பட்டவைதான். 'தராசைப் பார்த்தார்' என்று ஒற்று மிகவேண்டும். 'வியாபாரிகள் வந்தார்கள்' என்று முடியவேண்டும். இறந்த காலத்தில் போய்க்கொண்டிருந்த கதை 'முகர்ந்து பார்க்கிறார்' என்று நிகழ்காலத்துக்குத் தாவுகிறது. அப்பா பேசியதற்கு மேற்கோள்குறி இல்லை. 'மணம்' என்பது 'மனம்' ஆகிவிட்டது. இவை எல்லாமே மொழிக் கட்டுப்பாடு என்ற ஒரே கட்டத்துக்கு உரியவை. அந்தக் கட்டத்தில் இரண்டு போட்டது சரி. அங்கே தண்டனை கொடுத்த பிறகு, அதே பிழைகளுக்காகக் குரலிலும் சொல்வளத்திலும் கதைப்போக்கிலும் மறுபடி மூன்று முறை குறைத்திருக்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். ஒரு பிழைக்கு ஒரே கட்டத்தில்தான் குறைக்கவேண்டும்.

மனம், மணம் இரண்டையும் வைத்தே கட்டங்களின் எல்லையைப் பார்த்துவிடலாம். இதைச் சொல்வளக் குறை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவனுக்கு அந்தச் சொல் தெரியும், சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறான், எழுத்துதான் மாறியிருக்கிறது. ஆகவே அது மொழிக் கட்டத்தில் போகும். இன்னொரு பிள்ளை 'கூட்டம் மெல்ல அகழ்ந்தது' என்று எழுதியிருக்கிறது. கலைந்தது என்று சொல்ல நினைத்திருக்கிறது. அங்கே ஒற்றும் சரி, எழுத்தும் சரி, ஆனால் சொல் பொருளைத் தாங்கவில்லை. அதுதான் சொல்வளத்தில் குறைக்கவேண்டிய இடம்.

இப்போது அந்தப் பையனின் சொற்களை மட்டும் பாருங்கள். மொக்கு விரிகிறது, வியாபாரி ஒரு பிடி எடுத்து முகர்கிறார், அப்பாவின் கண் தராசில் இருக்கிறது. மல்லிகை மொக்காக இருக்கும்போதுதான் விலை. வெயிலில் விரிந்துவிட்டால் போயிற்று. அந்தத் தொழிலின் அவசரம் முழுவதையும் இரண்டு மூன்று சொற்களில் கொண்டுவந்துவிட்டான். பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகு நடந்ததை எழுதிய பகுதியில் 'மிகவும் வருத்தமாக இருந்தது' என்று மூன்று முறை வருவதால் ஐந்து தரமாட்டேன். நான்கு தருவேன்.

குரல் என்ற கட்டத்தில்தான் நம் ஆசிரியர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தமிழில் இதற்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பேசுவது ஒரு தமிழ், எழுதுவது ஒரு தமிழ். 'விரிஞ்சிரும்' என்று அப்பா சொல்வதை அடித்திருக்கிறீர்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் 'விரிந்துவிடும்' என்று பேசினால்தான் தவறு. பாத்திரத்தின் வாயில் வரும் பேச்சுத்தமிழ் பிழையே அல்ல, அதைத் திருத்தவே கூடாது. 'அப்பா ஒண்ணும் சொல்லலை' என்பது வேறு சங்கதி, ஏனென்றால் அது கதை சொல்கிறவனின் வரி. முழுக்கதையையும் பேச்சுத்தமிழிலேயே சொல்லியிருந்தால் அதுவும் ஒரு குரல்தான். கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சிலேயே கதை சொல்லிக் காட்டியிருக்கிறார். இவன் 'இறக்கினார்' என்று தொடங்கி 'சொல்லலை' என்று வழுக்கி, பிறகு 'நின்றதிலேயே' என்று திரும்பி வருகிறான். எந்தத் தமிழைத் தேர்ந்தான் என்பதற்காகக் குறைக்காதீர்கள். தேர்ந்ததில் நிற்கவில்லை என்பதற்காகக் குறையுங்கள். அதுவும் மொழிக் கட்டத்தில் மட்டும்.

குரலுக்கு அவனுக்கு நான்கு. ஏன் என்று யாராவது கேட்டால் காட்ட ஒரு வரி உங்களிடம் இருக்கவேண்டும். 'அவர் பேசாமல் நின்றதிலேயே எனக்கு விலை தெரிஞ்சிபோச்சு' என்ற வரியைக் காட்டுவேன். வேறு யாரும் எழுதியிருக்க முடியாத வரி அது. ஏழைத் தகப்பனின் கதை நம் மனத்தை இளக்கிவிடும். இளகிய மனம் மதிப்பெண்ணைத் தூக்கிவிடும். அதனால்தான் வரியைத் தேடச் சொல்கிறேன். அடிக்கோடு போட ஒரு வரி கிடைக்காவிட்டால், கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் குரலில் மூன்றுக்கு மேல் போகாதீர்கள்.

கதைப்போக்குக்கு மூன்று. வியாபாரி விலை சொல்கிறார், அப்பா பேசாமல் நிற்கிறார், அடுத்த வரியில் பையன் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறான். அப்பா பூவைக் கொடுத்தாரா, திருப்பிக் கொண்டுபோனாரா? தாமதத்துக்குக் காரணமே அந்த இடம்தான், அது கதையில் இல்லை. கடைசியில் 'அன்றிலிருந்து நான் தாமதமாக வருவதே இல்லை' என்று ஒரு வரி. நடந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று ஒட்டியது. இந்த வரிக்காகக் குரலில் மட்டும் ஒரு மதிப்பெண் குறைத்தேன், கதைப்போக்கில் குறைத்தது விட்டுப்போன அந்த இடத்துக்காக. ஆக 3, 4, 4, 2. கூட்டினால் பதின்மூன்று.

நீங்கள் நான்கிலும் நான்கு போட்டுப் பதினாறு கொடுத்த தாளையும் இதே மாதிரி பாருங்கள். பேருந்தின் சக்கரம் பஞ்சராகி, இறங்கி நடந்து, வழியில் விழுந்த ஒரு பாட்டிக்கு உதவி, தாமதமாகிவிட்ட கதை. நடுவில் எதையும் விட்டுவிடாமல் ஒழுங்காகப் போகிறது. கதைப்போக்குக்கு நான்கு தரலாம். ஒரு பிழை இல்லை, மொழிக்கு ஐந்தே தரலாம். ஆனால் கதிரவன் பொன்னொளி பரப்புவதில் தொடங்குகிறது. எந்த ஊர், எந்தப் பேருந்து, பாட்டி என்ன சொன்னாள் என்று ஒன்றும் தெரியவில்லை. வகுப்பில் யாருடைய பெயரை மேலே எழுதினாலும் பொருந்திவிடும். குரலுக்கு இரண்டுக்கு மேல் இல்லை. சில நிமிடத் தாமதத்துக்கு 'அனலிலிட்ட மெழுகு போல உருகினேன்' என்று எழுதியிருக்கிறாள். மனப்பாடம் செய்த உவமைத்தொடரைக் கண்டதும் சொல்வளம் என்று நாம் டிக் போட்டுவிடுகிறோம். அந்தத் தொடரின் கனத்தை அந்த இடம் தாங்குகிறதா என்று பார்க்கவேண்டும். மூன்று தரலாம். 4, 2, 3, 5. பதினான்கு. எட்டும் பதினாறுமாகக் கிடந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு மதிப்பெண் இடைவெளியில் வந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் கற்றுக்கொடுக்கவேண்டியது முற்றிலும் வேறு என்பதும் இப்போது தெரிகிறது.

இது உங்கள் ஒருவருடைய குறை என்று நினைத்து வருந்தவேண்டாம். 1961இல் அமெரிக்காவில் பால் டீடெரிச் என்பவர், மாணவர் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரமாகப் பிரிக்கச் சொன்னார். அவர்களில் ஆசிரியர், எழுத்தாளர், பதிப்பாசிரியர், வக்கீல் என்று பலரும் உண்டு. ஐந்துக்குக் குறைவான வெவ்வேறு தரம் பெற்ற கட்டுரை ஒன்றுகூட இல்லை. ஒருவர் கருத்தைப் பார்த்திருக்கிறார், ஒருவர் பிழையைப் பார்த்திருக்கிறார், இன்னொருவர் சொல்லை. கட்டம் பிரித்து மதிப்பிடும் முறை வலுப்பட அந்த ஆய்வும் ஒரு காரணம். கட்டம் பிரித்தும் ஒரே பார்வையில் நான்கையும் நிரப்பினால் அந்த 53 பேரில் ஒருவராகத்தான் நிற்போம்.

நாற்பது தாளை நான்கு முறை படிக்க நேரம் இருக்காது, தெரியும். இரண்டு முறை படியுங்கள். முதல் முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கட்டு முழுவதையும் படித்து, கதைப்போக்கு, குரல் இரண்டுக்கும் மட்டும் பென்சிலில் எண் போடுங்கள். பிறகு கட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசித் தாளிலிருந்து தொடங்கிச் சொல்வளமும் மொழியும் பாருங்கள். மிக நல்ல தாளுக்கு அடுத்து வருகிற தாள் எப்போதும் இளைத்துத் தெரியும். வரிசையை மாற்றினால் அந்த அநியாயம் ஒரே பிள்ளை தலையில் இரண்டு முறை விழாது. சிவப்பு மை இரண்டாம் வாசிப்பில்தான் வரவேண்டும். மை பட்ட தாளில் கதையைப் படிக்க யாராலும் முடியாது.

மொழிக் கட்டத்தில் பிழைகளை வெறுமனே எண்ணாதீர்கள். மூன்று பக்கம் எழுதியவனுக்கு ஒரு பக்கம் எழுதியவளைவிடப் பிழை கூடத்தான் இருக்கும். நூறு சொல்லுக்கு எத்தனை என்று பாருங்கள். ஒற்றுப்பிழை பத்து இடத்தில் வந்தாலும் அது தெரியாத ஒரே விதிதான். அதைவிட, யார் பேசுகிறார், எப்போது நடந்தது என்று நாம் திரும்பிப் படிக்கவேண்டி வருகிற பிழைதான் கனமானது. இவன் தாளில் ஒற்றைவிடக் காலத் தாவலும் விட்டுப்போன மேற்கோள்குறியும்தான் எனக்குப் பெரிதாகப் பட்டன.

பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் ஐந்தாறு தாளைக் கொடுத்து, உங்கள் எண்ணைக் காட்டாமல் போடச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் ஒன்று முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். இரண்டு வித்தியாசம் வந்தால் இருவரும் அடிக்கோடு போட்ட வரியை எடுத்து வைத்துப் பேசுங்கள். ஆளைப் பற்றியோ வகுப்பைப் பற்றியோ பேச்சு வேண்டாம். கையெழுத்துக்கு இந்த நான்கிலும் இடமில்லை. படிக்கவே முடியாவிட்டால் பிள்ளையைக் கூப்பிட்டுப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டு எண் போடுங்கள்.

பூ மார்க்கெட் பையனின் தாளில் பழைய எட்டை அடித்துவிட்டுப் புது எண்களைத் தனித்தனியாக எழுதுங்கள். அடியில், 'விலை சொன்ன பிறகு அப்பா என்ன செய்தார்? அதை மட்டும் எழுதி வா' என்று ஒரு வரி போதும். மொழியில் எல்லாவற்றையும் திருத்தச் சொல்லவேண்டாம். காலம் மாறிய இடங்களை மட்டும் வட்டமிட்டுக் கொடுங்கள். எழுதி வந்தால் கதைப்போக்குக் கட்டத்தை மறுபடி பாருங்கள். புதிதாக எழுதிய பகுதியில் காலம் தாவாமல் இருந்தால் மொழிக் கட்டத்தையும் பாருங்கள். மற்ற இரண்டையும் தொடாதீர்கள்.