ஆட்டம் எங்கே இருக்கிறது?

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வண்டி உதிரிபாகக் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தக் கடைகளை நம்பி, பக்கத்துச் சந்துகளில் சிறு பட்டறைகள் நடக்கின்றன. அப்படி ஒரு பட்டறையில், பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளின் கிராஸும் டிஃபரன்ஷியலும் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவரைத் தேடிப் போனேன். பையன்கள் அவரை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் போன நேரத்தில் அங்கே ஒரு பழைய பொலிரோ நின்றுகொண்டிருந்தது. கல்யாணச் சமையல் பாத்திரங்கள் ஏற்றிப் போகிற வண்டி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ‘டொக்’ என்றும், ஃபர்ஸ்ட் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றிக் கிளட்சை விட்டால் ‘டங்’ என்றும் அடிக்கிறது. வேறொரு பட்டறையில் கிரவுன்-பினியனை ஜோடியாக மாற்றச் சொல்லிவிட்டார்கள் என்று உரிமையாளர் கலங்கிப்போய் வந்திருந்தார்.

“கிரவுன் போனா ஊளையிடும் சார். இது அடிக்குதே ஒழிய ஊளையிடலையே” என்றார் பாய். நோயைப் பிரித்தறியும் முதல் கேள்வியே அதுதான். கிரவுன் பற்கள் தேய்ந்து ஒன்றோடொன்று பொருந்தாமல் போனால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடர்ந்து இரைச்சல் வரும். மிதிக்கும்போது ஒரு மாதிரி, காலை எடுக்கும்போது வேறு மாதிரி கேட்கும். ஒற்றை அடி மட்டும் கேட்டால் எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது என்று பொருள். மிதிக்கும்போது என்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் ஓடுகிற சக்கரம் என்ஜினைத் தள்ள ஆரம்பிக்கிறது. அதுவரை ஒரு பக்கம் அழுந்தியிருந்த ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு முள்ளும் அந்த நொடியில் மறுபக்கத்துக்குப் பாய்கின்றன. பாயும் தூரம் அதிகமாக இருந்தால் முட்டுகிற சத்தம் வெளியே கேட்கிறது. ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் இதேதான் நடக்கிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் என்ஜினின் ஐடில் வேகம் கூடியிருந்தால் அடி இன்னும் பலமாக விழும்.

சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்தார்கள். பாய் அடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் இடமும் வலமுமாகத் திருப்பினார். என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். ஷாஃப்டைப் பார்க்காமல், கிராஸுக்கு இரு பக்கமும் உள்ள இரண்டு யோக்குகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் திரும்பினால் அந்தக் கிராஸ் சரி. ஒன்று திரும்பி, மற்றது ஒரு கணம் சும்மா இருந்தால் ஆட்டம் அங்கே இருக்கிறது. முன் கிராஸ் சரியாக இருந்தது. பின் கிராஸில் ஷாஃப்ட் பக்கத்து யோக் அசைந்த பிறகே டிஃபரன்ஷியல் பக்கத்து ஃபிளாஞ்ச் அசைந்தது. சீல் ஓரத்தில் செங்கல் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. கிரீஸ் தீர்ந்து, உள்ளிருக்கும் ஊசி பேரிங்குகள் துருப்பிடித்து அரைபட்டதற்கு அந்தப் பொடியே சாட்சி.

இந்த வண்டி மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் பலமுறை போய் வந்தது என்றார் உரிமையாளர். உடனே பாய் டிஃபரன்ஷியல் ஆயிலையும் இறக்கச் சொன்னார். 90 ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வடிந்தது. ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள பிரீதர் சேறடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரையே அது இழுத்துக்கொள்ளும். கிராஸைக் கெடுத்ததும் ஆயிலைக் கெடுத்ததும் அதே தண்ணீர்தான்.

பின்மூடியைத் திறந்து கிரவுன் பல்லில் டயல் கேஜ் வைத்தார்கள். 0.18 மில்லிமீட்டர் காட்டியது. பொதுவாக 0.1 முதல் 0.2 வரை இருக்கலாம். இந்த எண் எவ்வளவு சிறியது என்று அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். கிரவுனின் ஆரம் சுமார் 90 மில்லிமீட்டர் என்றால், அந்த இடைவெளி கிரவுனை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் திருப்பும். நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அதுவே ஷாஃப்டில் அரைப் பாகைக்கும் குறைவு. கிராஸின் கை 30 மில்லிமீட்டர்தான். அதன் பேரிங்கில் 0.25 மில்லிமீட்டர் தேய்ந்தாலே அதே அரைப் பாகை ஆட்டம் வந்துவிடும். மாற்றச் சொன்ன பெரிய ஜோடியும், கைக்குள் அடங்கும் கிராஸும் ஆட்டத்தில் ஒன்றுக்கொன்று சமம். ஆனால் கிரவுன் பல் ஆயிலில் மூழ்கியிருக்கிறது. மோதும் முன் ஆயில் படலம் வேகத்தைத் தணிக்கிறது. வறண்ட கிராஸில் இரும்பு இரும்பை நேராக அடிக்கிறது.

பின்மூடி திறந்திருந்தபோதே ஸ்டார் கியர்களையும் நெம்பிப் பார்த்தார். அவற்றின் அடி வாஷர் தேய்ந்தால் ஷாஃப்டில் சில பாகை வரைகூட ஆட்டம் சேரும், கிரவுன் நன்றாக இருந்தாலும். இங்கே வாஷர் நன்றாக இருந்தது. பினியனைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார், அசைவில்லை. அது முன்பின்னாக அசைந்தால் வண்டியை ஓட்டவே கூடாது என்று பையனிடம் சொன்னார்.

கழற்றுவதற்கு முன் ஷாஃப்டிலும் யோக்கிலும் ஃபிளாஞ்சிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார்கள். ஸ்பிளைன் ஒரு பல் தள்ளி ஏறினாலும் இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்காது. சாய்ந்த கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். அதை மறுமுனைக் கிராஸ் சரிக்கட்ட வேண்டுமானால் தளம் ஒன்றாக இருக்க வேண்டும். தவறினால் சத்தம் போய் அதிர்வு வரும்.

புதுக் கிராஸ் ஏற்றும்போது நாலாவது கப்பில் லாக் காடிக்குள் விழவில்லை. பையன் சுத்தியலை எடுத்தான். “அடிக்காதடா, ஊசி சாஞ்சிருக்கும்” என்று தடுத்தார் பாய். கப்பை வெளியே எடுத்தால் ஓர் ஊசி அடியில் குறுக்கே படுத்திருந்தது. கிரீஸில் ஒட்டி நிற்க வைத்து மறுபடி ஏற்றியதும் லாக் தானாக உட்கார்ந்தது. நான்கு சீலிலும் புதுக் கிரீஸ் பிதுங்கும் வரை அடித்தார்கள். ஒரு சீலில் வராவிட்டால் அந்தக் கை வறண்டே கிடக்கும்.

ஸ்பிளைனுக்கும் கிரீஸ் ஏற்றினார்கள். அதன் கோளாறு தனி வகை. நின்ற வண்டி நகரும்போது மட்டும் தாமதமாக ஒரு அடி விழுந்தால், வறண்ட ஸ்பிளைன் ஒட்டிக்கொண்டு சட்டென்று வழுக்குகிறது என்று அர்த்தம். கிரீஸ் போட்டால் அது தீரும். பற்களே தேய்ந்து ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடினால் கிரீஸால் பயனில்லை. இதில் அப்படி ஆடவில்லை.

பிரீதரைச் சுத்தம் செய்து, புது ஆயில் ஊற்றி, ஓட்டிப் பார்த்தோம். டொக் போயிருந்தது. ரிவர்ஸ் போடும்போது மட்டும், காது கொடுத்தால் கேட்கிற அளவுக்கு ஒரு சின்னத் தட்டு மிச்சமிருந்தது. கிரவுனை ஷிம் வைத்து நெருக்கினால் இதுவும் போகுமா என்று உரிமையாளர் கேட்டார். பாய் மறுத்துவிட்டார். பல வருடம் ஒன்றோடொன்று ஓடிப் பழகிய பற்களை இடம் மாற்றினால் தேயாத பகுதியில் உரசி ஊளை ஆரம்பிக்கும். ஆயில் உள்ளே புக ஓர் இடைவெளியும் வேண்டும், சூடானால் பல் விரியவும் இடம் வேண்டும். அதனால் அந்தத் தட்டை அவர் அப்படியே விட்டார். கிராஸ், ஆயில், கூலி மூன்றுக்கும் மட்டும் சீட்டு எழுதிக் கொடுத்து, அடுத்த முறை தண்ணீரில் இறங்கினால் காத்திருக்காமல் கிரீஸ் அடிக்க வரச் சொன்னார்.