குஞ்சுக் கூண்டு விளக்குக்கு ஒரு தொப்பி

கோழிக்குஞ்சு வளர்க்கிறவங்களுக்கு மார்கழி கொஞ்சம் பயமான மாசம்தான். தாயில்லாம வாங்கி வந்த குஞ்சுக்கு முதல் வாரம் ஏறக்குறைய 35 டிகிரி சூடு வேணும். குண்டு பல்பை வெறுமனே தொங்கவிட்டா சூடு பாதி மேல போயிடும். அதனால பல்புக்கு மேல தகரத்துல ஒரு தொப்பி போடுவோம். உங்க வீட்டு மேஜை விளக்குக்கு மேல இருக்குமே, கூம்போட நுனியை வெட்டி எடுத்த மாதிரி, அதே உருவம்தான். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இதைக் கூம்பின் இடைக்கண்டம் என்று சொல்லும்.

இந்த வருஷம் ஐம்பது குஞ்சு. தொப்பியோட அடி விட்டம் 60 செ.மீ., மேல் விட்டம் 20 செ.மீ., நிமிர்ந்த உயரம் 15 செ.மீ. என்று முடிவு செய்தேன். எவ்வளவு தகடு ஆகும்?

வளைபரப்புக்கு வழி சுலபம். அடி ஆரம் 30, மேல் ஆரம் 10. ரெண்டையும் கூட்டி, சாயுயரத்தால பெருக்கி, பையால பெருக்கணும்: π(R + r)l. ஏன் அப்படி என்பதை நெற்கட்டு அடுக்கத் தெரிஞ்சவனுக்கு ஒரு நொடியில சொல்லலாம். தொப்பியை மேலிருந்து கீழ் வரைக்கும் மெல்லிய கீற்றுகளா வெட்டுறதா நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு கீற்றும் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். கட்டுகளைத் தலைமாற்றி அடுக்குற மாதிரி ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா வச்சுக்கிட்டே போனா நீள்சதுரம் ஆயிடும். அதோட அகலம் சாயுயரம். நீளம், ரெண்டு சுற்றளவோட சராசரி. அவ்வளவுதான்.

இதுல வழுக்குற இடம் சாயுயரம். 15 என்பது நிமிர்ந்த உயரம். தகடு சரிவுல அல்லவா போகுது? ஆரங்களோட வித்தியாசம் 20, உயரம் 15; ரெண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டினா 400 + 225 = 625. வர்க்கமூலம் 25. இதுதான் சாயுயரம். பரப்பு π × 40 × 25, அதாவது சுமார் 3,142 சதுர செ.மீ.

தகரப் பட்டறை அண்ணன் ஒரு துண்டுச் சீட்டுல 15-ஐயே போட்டுப் பெருக்கி, “1,885 வருதுங்க தம்பி, சின்னத் தகடு போதும்”ன்னார். “அண்ணே, தொப்பியை மொத்தமா தட்டி நசுக்கிட்டாக்கூட 30 ஆர வட்டத்துல 10 ஆர ஓட்டை போட்ட வளையம் வேணுமே. அதுக்கே 2,513 ஆகுதுங்களே”ன்னேன். அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்துச் சிரிச்சார். சரிபார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: சாயுயரம் எப்பவும் ஆரங்களோட வித்தியாசத்தைவிடப் பெருசா இருக்கணும். 15, 20-ஐவிடச் சின்னது. அப்படி ஒரு தொப்பியே கிடையாது.

ஆனா 3,142-க்குத் தகடு வாங்கினா வேலை ஆகாது. விரிச்சுப் போட்டா அது நீள்சதுரமா இருக்காது, வளைஞ்ச விசிறியா இருக்கும். அதை வரைய அண்ணன் வச்சிருந்த வழி, எந்தச் சூத்திரத்தையும் விட எனக்குப் பிடிச்சது. தரையில தொப்பியோட பக்கத் தோற்றத்தை முழு அளவுல வரைஞ்சார். ரெண்டு சரிவுக் கோட்டையும் மேல நீட்டினார். அவை சந்திச்ச இடத்திலிருந்து அடி விளிம்பு வரைக்கும் 37.5 செ.மீ., மேல் விளிம்பு வரைக்கும் 12.5. அதே அளவுல ஒரு மரச்சட்டத்துல ஆணியடிச்சு, தகட்டுல ரெண்டு வில் போட்டார். (கயிறு கட்டினா இழுவையில நீளும், சட்டம்தான் நல்லது.) வெளி வில்லு மேல டேப்பை வளைச்சு வச்சு, அடிச் சுற்றளவு 188.5 செ.மீ. வந்ததும் அங்கே கோடு. முழு வட்டத்துல அஞ்சுல நாலு பங்கு, 288 டிகிரி.

இணைப்புக்கு ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு செ.மீ., அடி விளிம்புல கம்பி வச்சு மடிக்க ஒரு செ.மீ. கூட. ஆக வெளி ஆரம் 38.5. அதுக்கு 77 செ.மீ. சதுரத் தகடு வேணும், 5,929 சதுர செ.மீ. தொப்பிக்கு உண்மையில தேவையானது அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. விலை பேசும்போது இந்த எண்ணைத்தான் மனசுல வச்சுக்கணும்.

மிச்சமெல்லாம் வீண் இல்லைங்க. நடுவுல மிஞ்சுற 25 செ.மீ. வட்டத்துல, தொப்பியோட 20 செ.மீ. வாயை மூடுற தட்டை, சுற்றிலும் ஒரு செ.மீ. மடிப்போட வெட்டினார். அதுல ஓட்டை போட்டு ஹோல்டரை மாட்டியாச்சு.

குஞ்சுங்க விளக்குக்கு நேர் கீழே ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடந்தா குளிருதுன்னு அர்த்தம், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தா சூடு அதிகம். முதல் ராத்திரி கூண்டு முழுக்கப் பரவிப் படுத்திருந்துச்சு. தொப்பியை அப்புறம் வாரத்துக்குக் கொஞ்சமா உயர்த்திக்கிட்டே வர்றேன்.