பதினாறு பேர், நான்கு அறைகள், ஏழாம் எண்

மொழியியல் ஆய்வு மாணவர்களுக்காக மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஜூமில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது. உறுப்பினர் பதினாறு பேர். அவர்களுள் இருவர் பேராசிரியர்கள். இருவர் ஆய்வேட்டை ஏறக்குறைய முடித்துவிட்டவர்கள். மீதிப் பன்னிருவர் முதுகலையிலும் ஆய்வின் முதல் ஆண்டுகளிலும் இருப்பவர்கள். முதல் நால்வரும் பேசுவார்கள். பன்னிருவரும் கேட்பார்கள். முதல் மூன்று மாதங்களின் முழுக் கதையும் இவ்வளவுதான்.

பெருங்கூட்டத்தில் பேசத் தயங்குகிறவர்கள் சிறு குழுவில் பேசிவிடுவார்கள் என்று நம்பி, நான்காம் மாதம் பிரேக்அவுட் அறைகளைத் திறந்தேன். `Assign automatically` என்பதை அழுத்தினால் செயலியே நான்கு நான்கு பேராகப் பிரித்து அனுப்பிவிடுகிறது. அந்தப் பொத்தானின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை ஒரே நாளில் போயிற்று. நால்வரில் மூவர் ஓர் அறையில் சேர்ந்து தமக்குள் நெடுநேரம் விவாதித்தார்கள். அங்கிருந்த நான்காமவர் ஒரு முதுகலை மாணவர். வேறு இரண்டு அறைகளில் பேசக்கூடியவர் என்று ஒருவரும் இல்லை. தற்செயல் என்றால் எல்லாம் சமமாகக் கலந்துவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பதினாறு பேரைத் தற்செயலாக நான்கு அறைகளில் இட்டால், அந்த நால்வரும் அறைக்கு ஒருவராக அமைவதற்கான வாய்ப்பு 1820-க்கு 256, அதாவது ஏழில் ஒரு முறை மட்டுமே.

ஆகவே அடுத்த மாதம் `Assign manually` வழியே நானே பிரித்தேன்: அறைக்கு ஒரு பேச்சாளர், மூன்று அமைதியாளர். நியாயமான பங்கீடு என்றே தோன்றியது. அறைக்குள் நடப்பது ஒருங்கிணைப்பாளருக்குக் கேட்காது. நுழைந்து பார்த்தாலோ நுழைந்த கணமே பேச்சின் தன்மை மாறிவிடும். எனவே ஒவ்வோர் அறைக்கும் பொது ஆவணத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, தம் பெயரின் முதலெழுத்தை இட்டுக் குறிப்பு எழுதும்படி கேட்டிருந்தேன். கூட்டம் முடிந்தபின் இரண்டு மாதப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். நான் கவனமாகப் பிரித்த மாதத்தில் நான்கு பக்கங்களிலும் குறிப்புகள் விரைவாகத் தொடங்கி, சீராக வளர்ந்து, ஏறத்தாழ ஒரே கையால் எழுதப்பட்டிருந்தன. தற்செயலாகப் பேச்சாளர் இல்லாமற்போன முந்தைய மாதத்து இரண்டு அறைகளிலோ, முதல் ஐந்து நிமிடம் பக்கம் வெறுமையாக இருந்து, பிறகு மூன்று நான்கு பேரின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்திருந்தன. நான் தோல்வி என்று எண்ணிய அறைகளில்தான் உரையாடல் நடந்திருக்கிறது.

இதில் நான் வியந்திருக்கவே கூடாது. சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974-இல் எழுதிய கட்டுரையை முதுகலையில் பாடமாகவே படித்தவள் நான். பேச்சுமுறை கைமாறுவதற்கு அவர்கள் கண்ட ஒழுங்கு எளிமையானது: பேசுகிறவர் அடுத்தவரைச் சுட்டினால் அவர் பேசுவார், சுட்டாவிட்டால் யார் முதலில் தொடங்குகிறாரோ அவருக்கே முறை, ஒருவரும் தொடங்காவிட்டால் பேசிக்கொண்டிருந்தவரே தொடரலாம். இந்த இரண்டாம் விதியில்தான் இணையவழிக் கூட்டம் ஆட்டம் காண்கிறது. பத்து மொழிகளில் வினாவுக்கும் விடைக்கும் இடையேயுள்ள இடைவெளியை அளந்த 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, சராசரி ஏறத்தாழ 200 மில்லிநொடி என்றது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. (அப்பத்தில் இந்திய மொழி ஒன்றும் இல்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.) ஒலிவாங்கியை அணைத்து வைத்திருப்பவர் அதைத் திறக்கும் முன்பே அந்த இடைவெளி கடந்துவிடும். திறந்தே வைத்திருப்பவர் யார்? தாம் பேசப்போவது உறுதி என்று அறிந்தவர். அவர் தொடங்குகிறார், நிறுத்துகிறார், ஒருவரும் வரவில்லை, மூன்றாம் விதிப்படி அவரே தொடர்கிறார். இதற்கு ஆணவம் தேவையில்லை. அறையில் அப்படி ஒருவர் இருந்தாலே போதும்.

அப்படியானால் அமைதியாளரை எப்போதும் தனியே வைத்துவிடலாமா? அதுவும் சரியன்று. பேராசிரியரோடு பேசக் கிடைக்கும் வாய்ப்புக்காகவும்தான் அவர்கள் வருகிறார்கள். ஒரே பிரிப்பில் எல்லாவற்றையும் சாதிக்க நினைத்ததே என் பிழை என்று பட்டது. மூன்று சுற்றுகளாகப் பிரிப்பது என்று முடிவு செய்து, ஆளுக்கோர் எண் கொடுத்து, ஒரு கட்டம் வரைந்தேன்:

```
 1   2   3   4
 5   6   7   8
 9  10  11  12
13  14  15  16
```

முதல் சுற்றில் கிடைவரிசை ஓர் அறை. பேசும் நால்வருக்கும் 1 முதல் 4 வரை எண். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளட்டும். மற்ற மூன்று வரிசைகளும் அமைதியாளர் அறைகள். இரண்டாம் சுற்றில் நெடுவரிசை ஓர் அறை: 1, 5, 9, 13 ஒன்றாக, 2, 6, 10, 14 ஒன்றாக, இப்படியே. மூன்றாம் சுற்றில் மூலைவிட்டம்: 1, 6, 11, 16, பிறகு 2, 7, 12, 13, பிறகு 3, 8, 9, 14, கடைசியில் 4, 5, 10, 15. வலப்புற விளிம்பைத் தாண்டும்போது இடப்புறத்திலிருந்து மீண்டும் எண்ணிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் அறைக்குச் சரியாக ஒரு பேச்சாளர் வந்துவிடுகிறார். எந்த இருவரும் இரண்டு முறை சந்திப்பதில்லை; முடிவில் ஒவ்வொருவரும் ஒன்பது பேருடன் உட்கார்ந்திருப்பார்.

எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. அறையில் பெரிய எண் உடையவர் முதலில் பேச வேண்டும். சிறிய எண் கடைசியில். ஆளுக்கு இரண்டு நிமிடம், பிறகு நான்கு நிமிடம் பொதுப்பேச்சு. ஆக ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். யார் முதலில் தொடங்குவது என்ற போட்டியே எழுவதில்லை. 1 முதல் 4 வரை எண் கொண்டவர்களுக்குத் தானாகவே கடைசி முறை வாய்க்கிறது. அறைகளைத் திறக்கும் முன், எல்லாரும் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தம் கருத்தை இரண்டு நிமிடம் எழுதிவைத்துக்கொள்ள நேரம் கொடுத்தேன். வெறுங்கையோடு முதலில் பேசச் சொல்வது தண்டனை.

அமைதியாளர் வரிசைகளை மொழியைக் கொண்டு அமைத்தேன். 5 முதல் 8 வரை தெலுங்கு அறிந்தவர்கள். 9 முதல் 12 வரை இந்தி. 13 முதல் 16 வரை உள்ளவர்களுக்கு ஆங்கிலம் தவிரப் பொதுமொழி இல்லை. பொது அவையில் ஆங்கிலம். முதல் சுற்றில் மட்டும் எந்த மொழியிலும் பேசலாம். ஆங்கிலத்தில் வாக்கியத்தை மனத்துள் அடுக்கி முடிப்பதற்குள் முறை போய்விடுகிறது என்று பின்னர் ஒருவர் எழுதியிருந்தார். நாம் கூச்சம் என்று பெயர் வைப்பதில் ஒரு பகுதி இதுவாக இருக்கலாம்.

எண் கொடுக்கும்போது ஒரேயோர் இடத்தில்தான் நெடுநேரம் தயங்கினேன். முதலாம் எண்ணுக்குரிய பேராசிரியரின் நெறியாளுகையில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் வட்டத்தில் இருக்கிறார். நான்கு மாதங்களில் அவர் குரலை வருகை சொல்லும்போது மட்டுமே கேட்டிருந்தோம். தன் நெறியாளரின் முன்னே ஆராயாத கருத்தைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? கட்டத்தைப் பார்த்தால், முதலாம் எண் பின்னிரு சுற்றுகளில் 5, 9, 13, 6, 11, 16 ஆகிய அறுவரைச் சந்திக்கிறது. மற்ற ஆறு எண்களைச் சந்திப்பதே இல்லை. அந்த ஆறில், தெலுங்கு வரிசையில் இருப்பவை 7, 8. மாணவிக்கு ஏழைக் கொடுத்தேன்.

அன்றைய பொருள் எதிரொலிச் சொற்கள். தமிழில் புத்தகம் கித்தகம், இந்தியில் சாய் வாய், வங்காளத்தில் சா டா. ஒவ்வொரு மொழியும் சொல்லின் முதலொலியைத் தனக்குரிய ஒலியால் மாற்றிக்கொள்ளும் முறைதான் விவாதம். முதல் சுற்று முடிந்தபோது 5-8 அறையின் பக்கத்தில் தெலுங்கு எழுத்தில் ஒரு கேள்வி இருந்தது, ஏழாம் எண்ணின் முதலெழுத்தோடு. தெலுங்கின் எதிரொலி 'கி' (தமிழ் 'தங்கி'யில் ஒலிப்பது போல). கிண்ணத்துக்கான தெலுங்குச் சொல் 'கின்னெ' அதே ஒலியில்தான் தொடங்குகிறது. அப்போது எதிரொலி எப்படி வரும்? தங்கள் வீட்டில் கின்னெக்கு எதிரொலி சொல்வதே இல்லை, தட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று கீழே குறித்திருந்தார். தமிழில் 'கிளி'க்கும் இதே இக்கட்டு உண்டு; நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மூன்றாம் சுற்றில் அவர் இரண்டாம் எண்ணின் அறையில் இதைச் சொல்ல, பொது அவையில் கடைசி இருபது நிமிடமும் 'கி'யைப் பற்றியே சென்றது. நெறியாளர் அக்கேள்வியை அங்கேதான் முதன்முறை கேட்டார். யாருடையது என்று அவர் வினவியபோது, ஒலிவாங்கி திறக்கச் சற்று நேரமாயிற்று, காத்திருந்தோம்.

செயல்முறையில் இடறல்கள் இல்லாமலில்லை. முன்கூட்டியே அறை ஒதுக்கும் வசதி மின்னஞ்சல் முகவரியை நம்பியது. ஒருவர் வேறு கணக்கில் நுழைந்தால் ஒதுக்கீடு அவருக்குப் பொருந்தாது. ஆகவே எல்லாரையும் தம் திரைப்பெயரின் முன்னால் எண்ணை இட்டுக்கொள்ளச் சொல்லி, `Let participants choose room` முறையில் அறைகளைத் திறந்து, கட்டத்தை அரட்டைப் பெட்டியில் இட்டேன். பழைய செயலி வைத்திருந்த இருவரை நானே நகர்த்தினேன். இணைப்பு அறுந்து திரும்பி வருபவர் பெரும்பாலும் முதன்மை அறையில் வந்து நிற்பார். அதனால் நான் அங்கேயே இருந்தேன். வராதவர் எண்ணைக் காலியாகவே விட்டுவிட வேண்டும். மூவர் அறை நன்றாகவே நடக்கும். ஓர் அறையில் இருவர் மட்டும் எஞ்சினால் அச்சுற்றுக்கு மட்டும் அவர்களைப் பக்கத்து அறைகளுக்கு மாற்றினால் போதும். வந்தவர்களுக்குப் புதிதாக எண் கொடுக்கத் தொடங்கினால் கட்டமே குலைந்துவிடும்.

பதினான்காம் எண் மூன்று சுற்றுகளிலும் பேசவில்லை. தம் இரண்டு நிமிடத்துக்கானதை அறையின் அரட்டையில் தட்டச்சு செய்தார். அவர் தங்கியிருந்த அறையில் இன்னும் மூவர் இருந்தார்களாம். எந்தக் கட்டத்தாலும் தீராத காரணம் அது. அவர் எழுதியதை மற்றவர் படித்துக்காட்டுவது என்று இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம். "முதல் சுற்றில் எங்கள் நால்வரையும் ஒன்றாகப் பூட்டிவிட்டீர்களே" என்று இரண்டாம் எண் பேராசிரியர் சிரித்தபடி கேட்டார். ஆம் சார் என்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு எண்களை மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஏழாம் எண் மாணவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கட்டத்தை அவரும் உற்றுப் பார்த்திருக்கிறார். இம்முறை தனக்கு ஐந்தாம் எண் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.