இருபது மணித்தியாலம் எங்கே போனது?

பவர் பாங்கில ரவுட்டரை ஓட்டுறது 2022க்குப் பிறகு எங்கட வீடுகளில சாதாரணமாகிப் போச்சு. அந்த வருசம் மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்தனாங்கள். இப்ப அப்படியில்லை. ஆனாலும் திருத்த வேலைக்கு என்று காலை 8.30இலிருந்து மாலை 5 மணி வரைக்கும் நிப்பாட்டுற நாட்கள் வந்துகொண்டுதான் இருக்கு. எங்கட ஊரில அப்படி ஒரு நாள் அறிவிச்சபோது தங்கச்சிக்கு இரண்டு சூம் வகுப்பு இருந்தது. காலை 10 முதல் 12 வரை ஒன்று, பின்னேரம் 3 முதல் 5 வரை இன்னொன்று. ஏ.எல். வருசம், ஒன்றையும் விடேலாது.

வீட்டில 10000 மில்லியம்பியர் மணித்தியால பவர் பாங்க் ஒன்று ஒரு வருசமா இருக்கு. அதிலிருந்து ரவுட்டருக்குக் குடுக்கிற 12 வோல்ற் வயரை வாங்கப் போன இடத்தில கடைக்கார அண்ணை கணக்கை வாயாலேயே போட்டார். "ரவுட்டர் இழுக்கிறது 500 மில்லியம்பியர். பத்தாயிரத்தை ஐநூறால பிரியுங்கோ. இருபது மணித்தியாலம் ஓடும் தங்கச்சி, யோசிக்காதேங்கோ."

பிரித்தல் சரி. 10000ஐ 500ஆல் பிரித்தால் 20தான். பிழை இருப்பது அந்த இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று பிரிக்கலாம் என்று நினைத்ததில்.

கலைப்பீடத்துக்காரி எனக்கு இது விளங்கினது காசை வைத்துத்தான். ஒருவர் "என்னட்ட பத்தாயிரம் தாள் இருக்கு" என்று சொன்னால் அவர் பணக்காரரா இல்லையா என்று எப்படித் தெரியும்? இருபது ரூபாய்த் தாளா, நூறு ரூபாய்த் தாளா என்று கேட்கவேணும். மில்லியம்பியர் மணித்தியாலம் என்பது தாள்களின் எண்ணிக்கை மாதிரி. ஒவ்வொரு தாளின் பெறுமதி எவ்வளவு என்பதை வோல்ற்தான் சொல்லும். பவர் பாங்கில எழுதியிருக்கிற 10000, உள்ளே இருக்கிற லித்தியம் பற்றரியின்ர 3.7 வோல்றில எண்ணினது. ரவுட்டரின்ர 500, அடப்டரில எழுதியிருக்கிற மாதிரி 12 வோல்றில எண்ணினது. சின்னத் தாளில இருக்கிற காசை, பெரிய தாளில இருக்கிற செலவால பிரிச்சால் வாற விடைக்கு அர்த்தமில்லை.

அதால இரண்டையும் பெறுமதிக்கு, அதாவது வாற் மணித்தியாலத்துக்கு, மாத்தவேணும். 10000 மில்லியம்பியர் என்றால் 10 அம்பியர். 10ஐ 3.7ஆல் பெருக்க 37 வாற் மணித்தியாலம். அதுதான் பற்றரிக்குள்ள இருக்கிற முழுச் சொத்து. ரவுட்டரின்ர செலவு 12 தர 0.5, அதாவது 6 வாற்ஸ். 37ஐ 6ஆல் பிரித்தால் ஆறு மணித்தியாலமும் கொஞ்சமும். ஒரு சொட்டும் வீணாகாமல் இருந்தாலும் இவ்வளவுதான். இருபதில பதினாலு மணித்தியாலம் இந்த ஒரு படியிலேயே போயிட்டுது.

மிச்சம் குறையிறது தாள் மாத்துற இடத்தில. காசு மாத்தினால் கமிசன் போகும். இங்க இரண்டு இடத்தில மாத்துறம். பவர் பாங்க் 3.7 வோல்றை 5 ஆக்குது, வயரில இருக்கிற சின்னப் பெட்டி அந்த 5ஐ 12 ஆக்குது. ஒவ்வொரு இடத்திலயும் நூற்றுக்கு பதினைந்து அளவில வெப்பமாப் போகும் என்று வைக்கலாம். வகுப்பு நடக்கேக்க அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் சூடா இருக்கும், அந்தச் சூடுதான் கமிசன். 37ஐ 0.85ஆல் இரண்டு தரம் பெருக்கினால் கிட்டத்தட்ட 26.7 வரும். 6ஆல் பிரித்தால் நாலரை மணித்தியாலம்.

காலை 8.30க்கு கரண்ட் போய், அப்பவே ரவுட்டரைப் போட்டிருந்தால், மத்தியானம் 1 மணிக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும். பின்னேர வகுப்பு இல்லை.

ஆனால் இந்த நாலரையும் ஒரு மதிப்பீடுதான். அடப்டரில எழுதியிருக்கிற "12V 0.5A" அடப்டரால குடுக்கக்கூடிய ஆகக்கூடின அளவு. ரவுட்டர் எந்த நேரமும் அவ்வளவை இழுக்காது. உண்மையில எவ்வளவு இழுக்குது என்று பார்க்க, யூ.எஸ்.பி. மீற்றர் என்று விரல் அளவில ஒன்று இருக்கு. பவர் பாங்குக்கும் வயருக்கும் இடையில அதைச் செருகவேணும். வோல்றையும் அம்பியரையும் காட்டும், வாற் மணித்தியாலத்தைக் கூட்டிக்கொண்டும் போகும். ஒரு கணத்தில தெரியிற எண்ணை நம்பக்கூடாது, அது ஏறி இறங்கும். ஒரு மணித்தியாலம் விட்டுக் கூட்டுத்தொகையைப் பார்க்கவேணும். அதுவும் சூம் ஓடேக்க பார்க்கவேணும். எங்கட ரவுட்டர் சும்மா இருக்கேக்க மணித்தியாலத்துக்கு 4 அளவில எடுத்தது, வகுப்பு நடக்கேக்க 5.2 எடுத்தது.

இதில ஒன்றைக் கவனிக்கவேணும். மீற்றர் இருக்கிறது வயருக்கு முன்னால. வயர் தின்னுற கமிசன் அந்த 5.2க்குள்ள ஏற்கனவே வந்திட்டுது. அதைத் திரும்பக் கழித்தால் ஒரே செலவை இரண்டு தரம் எழுதின மாதிரி. பவர் பாங்கின்ர கமிசனை மட்டும் கழித்தால் போதும்.

அதையும் ஊகிக்கத் தேவையில்லை. பவர் பாங்கைத் திருப்பிப் பார்த்தால், பெரிய 10000க்குக் கீழே கண்ணைச் சுருக்கி வாசிக்கவேண்டிய எழுத்தில "Rated Capacity: 6000mAh (5V)" மாதிரி ஒரு வரி பல பாங்குகளில இருக்கும். எங்கடதில அப்படித்தான் இருந்தது. 5 வோல்றில வெளியே வரக்கூடிய அளவு அது. 6 தர 5, அதாவது 30 வாற் மணித்தியாலம். 30ஐ 5.2ஆல் பிரித்தால் ஐந்தே முக்கால் மணித்தியாலம்.

அறிவிச்ச நாளுக்கு முதல் ஞாயிறு முழுசாச் சார்ஜ் பண்ணி, சூமில வீடியோவை விட்டு, ஓட்டிப் பார்த்தம். 5 மணித்தியாலம் 25 நிமிடத்தில நின்றது. மீற்றர் 28.3 காட்டினது. கணக்கைவிட இருபது நிமிடம் குறைவு. ஒரு வருசம் பாவிச்ச பற்றரிக்கு அது நியாயமான குறைவு. இனி வருசம் போகப் போக இன்னும் குறையும், அதால இந்தச் சோதனையை இடைக்கிடை திரும்பச் செய்யவேணும்.

மீற்றர் மில்லியம்பியர் மணித்தியாலத்திலயும் கணக்குக் காட்டும். அதில 5700 அளவில நின்றதைப் பார்த்திட்டு தங்கச்சி, "அக்கா, எங்களைப் பேக்காட்டிட்டாங்கள், பத்தாயிரம் எண்டு போட்டு ஆறாயிரமும் வரேல்லை" என்றாள். ஏமாத்தேல்லை. 3.7இல இருக்கிற 10000ஐ 5க்கு மாத்தினால் 7400, கமிசன் போனால் 6300 அளவு. அதுக்குக் கிட்ட வந்தால் பாங்க் நல்லது. மூவாயிரத்தோட நின்றிருந்தால்தான் சந்தேகப்படவேணும்.

அவளுக்கு வேண்டியது இரண்டு வகுப்புக்கும் சேர்த்து நாலு மணித்தியாலம். நாலு தர 5.2, அதாவது 21 அளவு. கையில 28. புது பாங்க் வாங்கத் தேவையில்லை, 12 மணிக்கு வயரைக் கழட்டி 3க்குக் கொஞ்சம் முதல் திரும்பக் கொழுவினால் சரி. அன்றைக்கு அப்படியே செய்தாள். ஐந்து மணிக்கு வகுப்பு முடியேக்க பாங்கில நாலு லைற்றில ஒன்று எரிஞ்சுகொண்டிருந்ததாம்.

இந்தக் கணக்கால சொல்லேலாத ஒன்று இருக்கு. எங்கடது 4ஜி ரவுட்டர். ஊர்க் கோபுரமும் கரண்ட் போனால் தன்ர பற்றரியிலதான் நிற்கும். அது எத்தனை மணித்தியாலம் என்று எங்கட மீற்றர் காட்டாது. அன்றைக்கு அது நின்றுபிடிச்சது.