ஸ்பினோசாவின் ஐந்தாம் கூற்று: ஒரு மாணவருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை நாங்கள் இருவரும் படித்தோம். ஸ்பினோசாவின் 'எதிக்ஸ்' நூலின் முதல் பாகத்தை நான்கு முறை வாசித்தும் மனத்தில் எதுவும் நிற்கவில்லை என்றும், வெள்ளிக்கிழமை இந்தத் தாளைக் கைவிட்டு வேறு விருப்பப் பாடத்துக்கு மாறப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முடிவு உங்களுடையது. அதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒரே ஒரு கூற்றுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

ஆசிரியர் இறந்த பின், 1677இல் வெளிவந்த நூல் அது. முதல் பாகத்தில் 8 வரையறைகள், 7 அடிப்படை உண்மைகள், அவற்றின் மேல் 36 கூற்றுகள். ஒவ்வொரு நிரூபணமும் தான் எதன் மேல் நிற்கிறது என்பதைத் தானே சொல்லிவிடுகிறது. நீங்களோ அதை நாவலைப் போல முன்னோக்கியே வாசித்திருக்கிறீர்கள். எல்லா வரிகளுக்கும் அடிக்கோடிட்டிருப்பதாகச் சொல்வதிலிருந்தே அது தெரிகிறது.

ஐந்தாம் கூற்றை எடுத்துக்கொள்வோம். ஒரே இயல்பு அல்லது ஒரே பண்பு உடைய மூலப்பொருள்கள் இரண்டு இருக்க முடியாது என்கிறது அது. 'வகுப்பில் ஒரே மாதிரி இரண்டு நாற்காலிகள் இருக்கின்றனவே' என்று ஓரத்தில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். நல்ல எதிர்ப்புதான். ஆனால் அது ஸ்பினோசாவைத் தொடவில்லை. மூன்றாம் வரையறைக்குத் திரும்பிப் போங்கள். தன்னிலேயே இருப்பதும், வேறொன்றின் துணையின்றித் தன் வழியாகவே அறியப்படுவதும்தான் அவருக்கு மூலப்பொருள். மரமும் தச்சனும் இல்லாமல் நாற்காலியை எண்ண முடியுமா? ஆகவே அது மூலப்பொருளே அல்ல. வேறொன்றில் இருக்கும் ஒரு நிலை மட்டுமே. ஐந்தாம் வரையறை அதைத்தான் சொல்கிறது. 'பொருள்' என்ற அன்றாடச் சொல் நம்மை அறியாமல் உள்ளே நுழைந்து வாசிப்பைக் கெடுக்கிறது. (தமிழில் இந்த ஆபத்து சற்றுக் கூடுதல்.) அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் அதை அடித்துவிட்டு வரையறையை முழுமையாக எழுதிப் பாருங்கள். வாக்கியம் அழகாக இராது. ஆனால் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும்.

இப்போது நிரூபணத்தைக் கையால் நகலெடுங்கள். பத்து வரிகளுக்கு மேல் வராது. இரண்டு மூலப்பொருள்கள் இருந்தால் அவை பண்பால் வேறுபட வேண்டும், அல்லது நிலைகளால் வேறுபட வேண்டும். இது நான்காம் கூற்றிலிருந்து வருகிறது. நிலைகளால் என்றால், மூலப்பொருள் தன் நிலைகளுக்கு முந்தியது என்று முதல் கூற்று சொல்லிவிட்டது. எனவே நிலைகளை ஒதுக்கிவிட்டு அதை அதுவாகவே நோக்கினால் வேறுபாடு மறைந்துவிடும். பண்பால் என்றால், ஒரே பண்புடையது ஒன்றே என்பதை ஒப்புக்கொண்டதாகிறது என்கிறார். ஒவ்வொரு படிக்கும் அருகில் அது சுட்டும் எண்ணை எழுதி, அந்த இடத்துக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்புங்கள். எங்களுக்கு முதல் முறை இதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இப்படிச் செய்தால் 'ஒன்றும் புரியவில்லை' என்பது இரண்டாகப் பிரியும். சொல் புரியாமை ஒன்று. அதற்கு வரையறை மருந்து. படி புரியாமை இன்னொன்று. அங்கே குறை உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பண்பு பற்றிய அந்தப் பாதியை மீண்டும் பாருங்கள். ஒரு மூலப்பொருளுக்கு அ, ஆ என்ற பண்புகளும் மற்றொன்றுக்கு ஆ, இ என்ற பண்புகளும் இருந்தால்? இரண்டும் ஆ என்பதைப் பகிர்கின்றன. ஆனாலும் பண்பால் வேறுபடுகின்றன. நூல் வெளிவந்த சிறிது காலத்திலேயே லைப்னிஸ் தம் குறிப்புகளில் எழுப்பிய ஆட்சேபம் இது. நீங்கள் தடுக்கி விழுந்த இடத்தில்தான் அவரும் நின்றிருக்கிறார்.

பதில் தேட இரண்டு வழிகள் உண்டு. பண்பு என்பது மூலப்பொருளின் சாரமாக அறிவு காண்பது என்கிறது நான்காம் வரையறை; சாரத்தைப் பகிர்ந்தபின் இரண்டு என்று எப்படி எண்ணுவது என்று கேட்கலாம். அல்லது, ஒரு மூலப்பொருளுக்குப் பல பண்புகள் உண்டு என்ற பேச்சு ஒன்பது, பத்தாம் கூற்றுகளில்தான் வருகிறது, ஐந்தில் ஒற்றைப் பண்பே பேசப்படுகிறது என்று வாதாடலாம். எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஒருவருக்கு முதல் வழி போதும். மற்றவருக்கு இரண்டுமே ஓட்டையாகத் தெரிகின்றன. ஆனால் இது வீண் சண்டையல்ல. கடவுளைத் தவிர வேறு மூலப்பொருள் இல்லை என்ற பதினான்காம் கூற்று இந்த ஐந்தின் மேல்தான் கால் ஊன்றியிருக்கிறது. இது சரிந்தால் அதுவும் சரியும்.

அடிக்கோடிட்ட பிரதியை மூடி வையுங்கள். பத்தாம் கூற்றின் விளக்கவுரையை மட்டும் கூடுதலாகப் படித்துவிட்டு, லைப்னிஸுக்கு ஸ்பினோசா என்ன பதில் சொல்லியிருப்பார் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மேற்கோள் வேண்டாம், எண்கள் போதும். வியாழன் மாலைக்குள் எங்களுக்கு வந்து சேரட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்கள் இருவர்