தண்ணீர்த் தொட்டியும் உயரக் கணக்கில் சேரும்



மாமல்லபுரம் வீடு முடிந்தது. "நிறைவுச் சான்றிதழ் வாங்கியாச்சா சார்?" என்று பலர் கேட்டீர்கள். 2019 கட்டட விதிகளின்படி எங்களைப் போன்ற சிறிய தனி வீட்டுக்கு அது தேவையில்லை. ஆனால் மற்ற விதிகள் அப்படியே உண்டு.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். எங்கள் மனை அதற்குள்தான். சான்றில் கொடுத்த உயரம் 9 மீட்டர். மாடிப்படி அறை, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் அடக்கம்.

வேலை முடிந்ததும், பொறியாளரான பழைய மாணவர் ஒருவர் அளந்து, கட்டியபடி வரைபடம் போட்டார். "சார், 9.8 வருது." தண்ணீர் வேகமாக வரட்டும் என்று மேஸ்திரி தொட்டிக்கு எழுப்பிய மேடைதான் காரணம். நானும் தலையாட்டியிருந்தேன். மேடையை இடித்துத் தொட்டியை இறக்கினோம், 8.9 ஆனது. வேகத்துக்குச் சின்ன பம்ப் வைத்தோம்.

அனுமதி வரைபடம், தடையின்மைச் சான்று, கட்டியபடி வரைபடம், பொறியாளர் சான்று, நான்கு பக்கப் புகைப்படம் எல்லாம் இப்போது ஒரே கோப்பில் இருக்கின்றன. அடுக்குமாடி கட்டுகிறவர்கள் இப்படி அளந்து சரிபார்த்த பிறகே நிறைவுச் சான்றிதழுக்கு மனு போடுங்கள். அது தேவைப்படும் கட்டடங்களுக்கு அது இல்லாமல் மின் இணைப்புக் கிடைக்காது.