ஒரு முறை மட்டும் மொழிபெயர்க்க வேண்டிய சிவப்பு

புதிய கணினித் திரை வாங்கியதும் இணையத்தில் உள்ள முகங்களெல்லாம் வெயிலில் காய்ந்து சிவந்தவை போலவும், புல்வெளிகள் ஒளிரும் பச்சை மை பூசியவை போலவும் தெரிகின்றன என்ற புகார் இப்போது பல ஆய்வுத் துறைகளில் கேட்கிறது. திரை பழுதென்று எண்ணிச் சிலர் திருப்பி அனுப்புகிறார்கள். சிலர் கண் பழகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்தத் திரையில் பழுது ஏதுமில்லை. அதற்கு வந்து சேரும் எண்களை யாரும் அதன் மொழிக்கு மாற்றித் தரவில்லை என்பதே சிக்கல்.

ஒளிப்படக் கோப்பில் இருப்பவை நிறங்கள் அல்ல, எண்கள். சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0 என்று ஒரு புள்ளி சொன்னால், 'உன்னால் இயன்ற முழுச் சிவப்பைக் காட்டு' என்றுதான் திரை அதைப் புரிந்துகொள்கிறது. எந்தச் சிவப்பு என்பது அந்த எண்ணில் இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1996இல் எஸ்ஆர்ஜிபி என்னும் நிறவெளி முன்மொழியப்பட்டு, 1999இல் பன்னாட்டுத் தரமானது. அன்றைய குழாய்த் திரைகள் காட்டிய சிவப்பு, பச்சை, நீலத்தை ஒட்டியே அது வகுக்கப்பட்டது. இணையத்தின் ஒளிப்படங்களில் பெரும்பாலானவை இன்றும் அதன்படியே எழுதப்பட்டவை. திரைத்துறையின் பி3 நிறவெளியைத் தழுவிய இன்றைய திரைகளிலோ சிவப்பும் பச்சையும் எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. பழைய எண்ணை அப்படியே இத்திரையில் ஊற்றினால், பழைய சிவப்புக்குப் பதிலாகப் புதிய, அடர்ந்த சிவப்பு வரும்.

இது என்ன அளவு வேறுபாடு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பை டிஸ்பிளே பி3 திரையில் அதே நிறமாகக் காட்ட வேண்டுமானால், திரைக்குப் போகவேண்டிய எண்கள் 255, 0, 0 அல்ல. சுமார் 234, 51, 35. சிவப்பைக் கொஞ்சம் குறைத்து, பச்சையையும் நீலத்தையும் சிறிது கலந்தால்தான் பழைய சிவப்பு கிடைக்கிறது. இந்தக் கலப்பைச் செய்வதே நிற மேலாண்மை. சாம்பல் நிறத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. இரு நிறவெளிகளுக்கும் வெண்புள்ளி ஒன்றே. நோயை அறியும் வழியும் இதுதான். கறுப்பு வெள்ளைப் படம் இயல்பாகவும் வண்ணப்படம் மட்டும் மிகையாகவும் தெரிந்தால், நிறவெளி மாற்றம் நடக்கவில்லை என்று பொருள். சாம்பலும் நீலம் பாய்ந்தோ மஞ்சள் பாய்ந்தோ இருந்தால், அது வெண்சமநிலைக் கோளாறு, மருந்து வேறு.

பண்டைய துணிச்சாயங்களை ஆராயும் மாணவி ஒருவரின் அனுபவம் இதன் விளைவைக் காட்டும். மஞ்சிட்டி வேரால் சாயமேற்றிய துணிகளின் படங்களை அருங்காட்சியக இணையதளங்களிலிருந்து சேகரித்து, அவற்றின் சிவப்பை விவரிப்பது அவருடைய இயலின் ஒரு பகுதி. துறைக்குப் புதிய திரை வந்தபின், செங்கல் நிறம் என்று முன்பு எழுதியிருந்த துணி குங்குமம் போல் தெரிந்தது. படமெடுத்தவர் செறிவைக் கூட்டிவிட்டார் என்று கருதி, கண்ணுக்குச் சரியாகத் தோன்றும்வரை ஒவ்வொரு படத்திலும் செறிவைக் குறைத்து ஆய்வேட்டில் சேர்த்தார். நெறியாளரின் மடிக்கணினியிலும் அச்சுப்படியிலும் அத்துணிகள் சாயம் வெளுத்தவை போல் வந்தன. படத்தில் அந்தத் துணியின் எண்கள் ஏறத்தாழ 160, 50, 40. அவர் திரைக்குப் போயிருக்க வேண்டியவை சுமார் 148, 58, 46. மாற்றம் நடக்காததால் வந்த மிகையைக் கோப்பிலேயே திருத்தியதால், திரையின் குறை சான்றின் குறையாக மாறிவிட்டது. சாயம் வெளுத்ததா என்பதே ஆய்வுக் கேள்வியாக இருக்கும் துறையில் இது சிறிய பிழை அன்று. மூலக் கோப்புகளைத் தொடாமல் வைத்திருந்ததால் படங்களை மீட்க முடிந்தது.

தீர்வுகள் இரண்டு. அவற்றில் ஒன்றை மட்டுமே தேர்ந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, திரையின் சொந்தப் பட்டியலில் உள்ள sRGB நிலையைத் தேர்வது. மாற்றத்தைத் திரையே செய்துவிடும்; எந்த மென்பொருளுக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இணையம், கட்டுரை, சாதாரண ஒளிப்படம் இவற்றோடு நின்றுவிடும் வேலைக்கு இதுவே போதும். குறை, பல திரைகளில் இந்நிலைக்குப் போனதும் ஒளிர்வை மாற்றும் வசதி பூட்டப்பட்டுவிடும்; அகன்ற நிறவெளியும் பயன்படாது.

இரண்டாவது, திரையை அதன் இயல்பு நிலையிலேயே விட்டு, அதன் ஐசிசி விவரக்கோப்பை இயங்குதளத்தில் நிறுவுவது. அந்தத் திரையின் சிவப்பு, பச்சை, நீலம் எவை என்பதை அக்கோப்பு சொல்லும். அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் எண்களை மாற்றி அனுப்பும். குரோம் உலாவி, நிறவெளி குறிக்கப்படாத படத்தையும் எஸ்ஆர்ஜிபி என்றே கொண்டு மாற்றுகிறது. பயர்பாக்ஸின் வழக்கமான அமைப்பு, நிறவெளி குறிக்கப்பட்ட படங்களை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே விட்டுவிடும். ஒரே பக்கத்தில் ஒரு படம் சரியாகவும் பக்கத்துப் படம் மிகையாகவும் தெரிவது இதனால்தான். `about:config` பக்கத்தில் கீழ்க்காணும் மதிப்பை 2இலிருந்து 1ஆக மாற்றி, உலாவியை மூடித் திறந்தால் எல்லாமே மாற்றப்படும்.

```
gfx.color_management.mode = 1
```

விண்டோஸின் பணிப்பட்டையும் நிற மேலாண்மை அறியாத பழைய மென்பொருள்களும் இதன்பின்னும் மிகையாகவே தெரியும். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில், ஏற்ற திரையும் வரைகலை அட்டையும் இருந்தால், திரை அமைப்புகளில் `Automatically manage color for apps` என்ற தெரிவு இருக்கும். அதை இயக்கினால் அவற்றையும் இயங்குதளமே மாற்றும்.

தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டு தீர்வுகளையும் கலப்பதில் நேர்கின்றன. திரையை sRGB நிலையில் வைத்து, அகன்ற நிறவெளிக்குரிய விவரக்கோப்பையும் நிறுவியிருந்தால் ஒரே எண் இருமுறை மாற்றப்படும். முகங்கள் வெளிறி, சிவப்பு மங்கிப்போகும். இதற்கு நேர்மாறான தவறு, திரையை இயல்பு நிலையில் விட்டுவிட்டு விண்டோஸில் எஸ்ஆர்ஜிபி விவரக்கோப்பை நிறுவுவது. பெயரைப் பார்த்தால் தீர்வு போலத் தோன்றும். ஆனால் 'இந்தத் திரை எஸ்ஆர்ஜிபி திரைதான்' என்று மென்பொருளிடம் பொய் சொல்வதே அதன் பொருள். மாற்றத் தேவையில்லை என்று மென்பொருள் நம்பிவிடும். குரோமில் `force-color-profile` தெரிவை sRGB என்று அமைப்பதும் இதே பொய்தான். மிகை குறையாது, நிலைத்துவிடும்.

தயாரிப்பாளர் தரும் விவரக்கோப்பு அந்த மாதிரிக்குப் பொதுவானது. மேசைமேல் இருக்கும் திரையை அளந்து எழுதியது அன்று. உலாவலுக்கும் படம் பார்ப்பதற்கும் அது போதும். நிறத்தையே சான்றாகக் கொள்ளும் ஆய்வுக்கு, நிறமானியைத் திரையில் பொருத்தி அளந்து விவரக்கோப்பு உருவாக்குவதே முறை. அதுவும் இல்லாத இடத்தில், செறிவுக் கோலில் கை வைக்கும் முன் ஒரு கேள்வி போதும்: இந்த எண்ணை யார் மாற்றுகிறார்கள்? திரை, இயங்குதளம், உலாவி ஆகியவற்றுள் சரியாக ஒருவர் மாற்றுகிறார் என்றால் நிறம் தன் இடத்தில் இருக்கும். ஒருவருமில்லை என்றால் மிகும். இருவர் என்றால் மங்கும்.